மூக்கடைப்பு ஸ்ப்ரேயை விட முடியவில்லை: என்ன நடக்கிறது, எப்படி நிறுத்துவது

கேள்வி: போன மார்கழியில் சளி பிடித்தபோது மெடிக்கல் ஷாப்பில் ஒரு மூக்கு ஸ்ப்ரே வாங்கினேன். சளி போய்விட்டது, ஸ்ப்ரேயை விட முடியவில்லை. இப்போது மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அடிக்காவிட்டால் மூக்கு முழுக்க அடைத்துக்கொள்கிறது. நெற்றியிலும் கண்ணுக்கு மேலும் தினமும் வலி. பாராசிட்டமால் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். சைனஸ், ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்கிறார்கள். ஸ்ப்ரேயை எப்படி நிறுத்துவது? வயது 36. ரத்த அழுத்தம் கொஞ்சம் உண்டு.

பதில்:

முதலில் அந்தப் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். முன்பக்கத்தில் இருக்கும் கம்பெனிப் பெயர் இதற்கு உதவாது. ஒரே பெயரில் வெவ்வேறு மருந்துகள் வருகின்றன. சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின், நாஃபசோலின் என்று 'சோலின்' என முடியும் பெயர் இருந்தால் கீழே சொல்வது எல்லாம் உங்களுக்குப் பொருந்தும். ஃபினைலெஃப்ரின் என்றிருந்தாலும் அப்படியே. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைடு என்று இருந்தால் அது ஸ்டீராய்டு ஸ்ப்ரே. அது வேறு வகை. இந்தப் பழக்கத்தை உண்டாக்காது. வெறும் சோடியம் குளோரைடு என்றிருந்தால் உப்புநீர்தான், எத்தனை நாள் போட்டாலும் கெடுதல் இல்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்கள் கையில் இருப்பது 'சோலின்' வகையாகத்தான் இருக்க வேண்டும்.

நான் மருந்தாளுநர். ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். உங்களைப் போல வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலானோருக்கு இதை யாருமே விளக்கியிருக்க மாட்டார்கள். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மூக்கின் உள்ளே பக்கச் சுவரில் டர்பினேட் எனப்படும் சதை மடிப்புகள் இருக்கின்றன. அவற்றில் கீழே உள்ள மடிப்புதான் பெரியது. அதன் உள்ளே ரத்தம் தேங்கி நிற்கக்கூடிய சிறு சிரைகள் பஞ்சுபோலப் பரவியிருக்கின்றன. அவற்றில் ரத்தம் நிறைந்தால் மடிப்பு உப்பி வழியை அடைக்கும். அவை சுருங்கினால் வழி திறக்கும். சளி பிடித்தபோது நாம் 'அடைப்பு' என்று உணர்வதில் பெரும்பங்கு இந்த உப்பல்தான், சளி அல்ல. அதனால்தான் எவ்வளவு சிந்தினாலும் அடைப்பு போவதில்லை.

சோலின் வகை மருந்து அந்த ரத்தக் குழாய்களின் சுவரில் உள்ள ஆல்ஃபா ஏற்பிகளைத் தூண்டி அவற்றைச் சுருக்குகிறது. சில நிமிடங்களில் மூக்கு திறந்துகொள்வது இதனால்தான். புதிதாகப் போடுகிறவருக்கு ஆக்சிமெட்டசோலின் ஒரு தடவை அடித்தால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும். ஆனால் தொடர்ந்து தூண்டப்படும் ஏற்பிகள் மெல்ல மெல்ல மந்தமாகிவிடுகின்றன. குழாயைச் சுருக்கி வைக்க உடல் தானாகவே சுரக்கும் நார்அட்ரினலினும் குறைகிறது. மருந்தின் வேகம் இறங்கும்போது குழாய்கள் முன்பைவிட அதிகமாகத் தளர்ந்து விரிகின்றன, மடிப்பு முன்பைவிட அதிகமாக உப்புகிறது. உடனே அடுத்த ஸ்ப்ரே. அது முந்தையதைவிடக் குறைந்த நேரம்தான் தாங்கும். பல ஸ்ப்ரேக்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடும் மூக்கின் உள்தோலைத் தன் பங்குக்கு உறுத்துகிறது என்று பல நிபுணர்கள் கருதுகிறார்கள்.

இந்த நிலை வர எத்தனை நாள் ஆகும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு வாரத்திலேயே சிக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. சில வாரங்கள் போட்டும் ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு. யார் எந்த வகை என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால்தான் அமெரிக்காவில் 3 நாளுக்கு மேல் வேண்டாம் என்று லேபிளில் அச்சிடுகிறார்கள். வேறு சில நாடுகளில் 5 முதல் 7 நாள் வரை அனுமதிக்கிறார்கள். நான் கவுன்ட்டரில் 3 நாள் என்றுதான் சொல்லிக் கொடுப்பேன். பாட்டிலில் இருக்கும் 10 மில்லியும் தீரும்வரை போட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். ஆன்டிபயாட்டிக் கோர்ஸை முடிப்பது போல இதையும் முடிக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை, மூன்றாம் நாள் பாட்டிலில் முக்கால்வாசி மீதி இருந்தாலும் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

இதுதான் உங்கள் பிரச்சினை என்று எப்படி உறுதி செய்வது? சில அடையாளங்கள் உண்டு. தும்மல் இல்லை, மூக்கில் அரிப்பு இல்லை, தண்ணீராக ஒழுகுவதும் இல்லை. அடைப்பு மட்டும்தான் என்றால் சந்தேகம் வலுக்கிறது. முன்பு இரவு ஒரு தடவை போதுமாக இருந்தது, இப்போது மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. பாட்டில் கையில் இல்லாமல் வெளியே போகவே பயம் வருகிறது என்றால் கிட்டத்தட்ட உறுதி. காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்தால் உள்தோல் செக்கச்செவேலென்று வீங்கி, சில இடங்களில் பொருக்குத் தட்டி, தொட்டால் கசியும் நிலையில் இருக்கும். மாறாக மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் கெட்டியான சளி, காய்ச்சல், குனிந்தால் ஒரு கன்னத்தில் மட்டும் விண்ணென்று வலி, வாசனையே தெரியாமல் போவது இவை இருந்தால் சைனஸ் தொற்றையோ மூக்கில் பாலிப் வளர்ச்சியையோ தேட வேண்டும்.

இப்போது தலைவலிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் அது ஒரே காரணத்தால் வருவதாகத் தெரியவில்லை. மூக்கு அடைத்தபடி வாயால் மூச்சு விட்டுத் தூங்குகிறவருக்குத் தூக்கம் துண்டு துண்டாகக் கெடும். காலையில் தலை கனத்திருக்கும். அது ஒன்று. உப்பிய மடிப்புகள் கண்ணுக்கு நடுவிலும் நெற்றியிலும் ஓர் அழுத்தத்தைத் தரும். அது இரண்டாவது. மூன்றாவது மருந்தே. மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தத்தில் கலந்து, உடல் முழுக்க உள்ள குழாய்களையும் அது சுருக்குகிறது. அதனால் ரத்த அழுத்தம் ஏறலாம். தலைவலி அதன் பக்க விளைவாக லேபிளிலேயே இருக்கும். நான்காவது, நீங்கள் தினமும் போடும் பாராசிட்டமால். தலைவலி உள்ளவர் மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் பாராசிட்டமால் எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியை நீடிக்க வைக்கும். காஃபீன் கலந்த வலி மாத்திரை என்றால் மாதத்துக்கு 10 நாளே போதும்.

ஐந்தாவது ஒன்றும் உண்டு, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். 'சைனஸ் தலைவலி' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டவர்களை முறையாகப் பரிசோதித்தபோது, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருந்தது மைக்ரேன் என்று தெரியவந்திருக்கிறது. மைக்ரேன் வரும்போதே மூக்கு அடைப்பதும் கண்ணில் நீர் வருவதும் உண்டு, அதனால்தான் குழப்பம். வலி துடிப்பாக இருக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, குமட்டுகிறதா, மாடிப்படி ஏறினால் கூடுகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் மூக்கைச் சரிசெய்த பிறகும் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒரு தலைவலிக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, வாழ்நாளிலேயே இப்படி வலித்ததில்லை என்று சொல்ல வைக்கும் இடி போன்ற வலி வந்தால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். இந்த வகை மருந்துகள் மிக அரிதாக மூளையின் ரத்தக் குழாய்களையே இறுக்கிவிடக்கூடும். பார்வை மங்குவது, பேச்சு குளறுவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, கழுத்து விறைப்போடு காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம் ஆகியவற்றுக்கும் அதே பதில்தான். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் இன்றே இரண்டு தடவை அளந்து பாருங்கள். ஸ்ப்ரே அடித்து அரை மணி நேரம் கழித்து ஒன்று, அடுத்த ஸ்ப்ரேக்குச் சற்று முன் ஒன்று. இரண்டையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். 180/120-க்கு மேல் இருந்து கூடவே தலைவலியோ நெஞ்சு வலியோ இருந்தால் காத்திருக்கக் கூடாது.

இனி நிறுத்துவதைப் பற்றி. ஒரே நாளில் இரண்டு மூக்கிலும் நிறுத்திவிடலாம். ஆபத்து எதுவும் இல்லை, வலிப்பு வருவது போன்ற விபரீதங்கள் கிடையாது. ஆனால் இரண்டாம் இரவிலிருந்து ஐந்தாம் இரவு வரை அடைப்பு மிகக் கடுமையாக இருக்கும். பெரும்பாலானோர் அந்த இரவுகளில்தான் தோற்றுப்போய் விடிகாலையில் பழைய பாட்டிலைத் தேடுகிறார்கள். அதனால் எனக்குப் பிடித்த வழி, ஒரு வாரம் தயார் செய்துவிட்டு, ஒவ்வொரு மூக்காக நிறுத்துவது. இதற்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேண்டும், அதை மருத்துவர் எழுதித் தர வேண்டும். கிளௌகோமா, கண்புரை, அண்மையில் மூக்கில் அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் எதுவாக இருந்தாலும் அப்போது சொல்லிவிடுங்கள்.

ஸ்டீராய்டு என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. மூக்கில் போடுவது மைக்ரோகிராம் கணக்கு. ஃப்ளூட்டிகசோன் புரோப்பியோனேட், மொமெட்டசோன் இரண்டிலும் ஒரு ஸ்ப்ரேக்கு வழக்கமாக 50 மைக்ரோகிராம். பெரியவர்களுக்குப் பொதுவாக ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு ஸ்ப்ரே, நாளுக்கு ஒரு தடவை. உங்கள் பழைய ஸ்ப்ரே போல இது உடனே திறக்காது. இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் தெரியும், முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். 'போட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்று நான்காம் நாள் திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். முதல் வாரத்தில் பழைய ஸ்ப்ரேயைத் தொடரலாம். ஸ்டீராய்டு தன் வேலையைத் தொடங்கட்டும்.

அடிக்கும் விதம் தவறினால் மருந்து வீண். பாட்டிலைக் குலுக்கிவிட்டு மெதுவாக மூக்கைச் சிந்துங்கள். தலையைப் பின்னால் சாய்க்காதீர்கள். முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, தரையைப் பார்ப்பது போல நில்லுங்கள். இடது மூக்குக்கு வலது கையால், வலது மூக்குக்கு இடது கையால் அடியுங்கள். கையை மாற்றிப் பிடிக்கும்போது முனை தானாகவே வெளிப்பக்கம், அதாவது அதே பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். உப்பிய மடிப்பு அங்கேதான் இருக்கிறது. நேராகவோ நடுவிலோ அடித்தால் மருந்து இரண்டு துவாரங்களுக்கும் இடையில் உள்ள மெல்லிய சுவரில் பட்டு ரத்தம் கசியும். அடிக்கும்போது பூ முகர்வது போல மெல்ல இழுத்தால் போதும். தொண்டையில் கசப்போ வாசனையோ தெரிந்தால் பலமாக உறிஞ்சிவிட்டீர்கள் என்று பொருள். மருந்து வயிற்றுக்குப் போய்விட்டது.

ஸ்டீராய்டுக்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி தண்ணீருக்கு அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, எரிச்சல் குறைய ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. மருந்துக் கடையில் கிடைக்கும் அளந்து வைத்த பாக்கெட் இன்னும் எளிது. தண்ணீர் மட்டும் குழாய்த் தண்ணீராக இருக்கக் கூடாது. குறைந்தது ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்து, மூடி வைத்து ஆறிய நீர்தான் வேண்டும். குடிக்கும்போது வயிற்றின் அமிலத்தில் செத்துப்போகும் ஓர் அமீபா, மூக்கு வழியாகப் போனால் மூளையை எட்டிவிடும். கேரளத்தில் 2024-லும் 2025-லும் 'மூளையைத் தின்னும் அமீபா' என்று செய்தித்தாள்களில் வந்தது அந்த நோய்தான். அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் போகும். கழுவிய பிறகு பத்து நிமிடமாவது விட்டு ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடியுங்கள். உடனே அடித்தால் வழியும் நீரோடு அதுவும் வெளியே வந்துவிடும்.

இரண்டாம் வாரம் தொடங்கும்போது எந்த மூக்கு சற்று நன்றாகத் திறக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் பழைய ஸ்ப்ரேயை அடியோடு நிறுத்துங்கள். மறுபக்கம் வழக்கம் போல அடிக்கலாம். ஆனால் அங்கும் அடைத்தால் மட்டும்தான். நிறுத்திய பக்கம் அடைத்துக்கொள்ளும். அடைக்கட்டும், மூச்சு விட இன்னொரு பக்கம் இருக்கிறது. ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் பெரும்பாலானோருக்கு நிறுத்திய பக்கம் தானாகத் திறக்கத் தொடங்கும். பல மாதம் போட்டவர்களுக்கு இன்னும் சில வாரங்கள்கூட ஆகலாம். ஒரு பக்கம் ஸ்ப்ரே இல்லாமலே தொடர்ந்து சில இரவுகள் தூங்க முடிந்ததும் மறுபக்கத்தையும் நிறுத்துங்கள். ஸ்டீராய்டை அதோடு நிறுத்திவிடக் கூடாது; அதன் பிறகும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வது வழக்கம். எத்தனை நாள் என்பதை உங்கள் மருத்துவர் மூக்கைப் பார்த்து முடிவு செய்வார்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஞாயிறு விடுமுறை உள்ளவர் வியாழன் காலை நிறுத்தினால் கடினமான இரவுகளில் பெரும்பாலானவை வெள்ளி, சனி, ஞாயிறு என்று விழும். திங்கள் காலை பெரிய வேலை இருக்கும்போது ஞாயிறு நிறுத்துவது தோல்விக்கு வழி.

இரவைச் சமாளிக்க ஒரு விஷயம் தெரிந்திருந்தால் போதும். படுத்தால் டர்பினேட்டில் ரத்தம் தேங்கும், அதுவும் ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க மூக்கு அடைக்கும், மேல்பக்கம் திறக்கும். எனவே நிறுத்திய பக்கம் மேலே இருக்கும்படி படுங்கள். இடது மூக்கில் நிறுத்தியிருந்தால் வலதுபுறமாக ஒருக்களிக்க வேண்டும். தலைமாட்டை இரண்டு தலையணையால் உயர்த்துங்கள். கழுத்து மட்டும் மடியாமல் முதுகின் மேற்பகுதியும் சேர்ந்து உயரட்டும். தைலம் தடவுவதும் ஆவி பிடிப்பதும் குளிர்ச்சியான உணர்வைத் தரும், உப்பலைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஆவி பிடிக்கிறவர்கள் கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதனால் வெந்த தொடையோடு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தைலத்தை மூக்குக்கு உள்ளே தடவவும் கூடாது.

இரவு பஸ் ஓட்டும் ஓட்டுநர் ஒருவரின் கதை உங்களுக்குப் பயன்படும். ஒரு வருடத்துக்கு மேல் ஸ்ப்ரே போட்டிருந்தார். சட்டைப் பையில் ஒன்று, வண்டியில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று. தலைவலிக்கு மாத்திரை வாங்கத்தான் என்னிடம் வந்தார். பேச்சு வாக்கில் மூக்கைப் பற்றித் தெரிந்தது. மருத்துவரிடம் அனுப்பினேன், ரத்த அழுத்தம் 160/100. அதற்கு மாத்திரை தொடங்கி, ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் எழுதினார்கள். அவர் அவசரக்காரர், அன்றே பழைய ஸ்ப்ரேக்கள் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டார். மூன்றாம் இரவு டிப்போ பக்கத்துக் கடையில் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார். ஸ்டீராய்டு வேலை தொடங்குவதற்கு முன்பே, இரண்டு பக்கமும் சேர்த்து, தூக்கம் கிடைத்தே ஆக வேண்டிய வாரத்தில் நிறுத்தியதுதான் தவறிய இடம். அடுத்த முறை விடுப்பு எடுத்துக்கொண்டு, மேலே சொன்ன முறைப்படி இடது பக்கத்திலிருந்து தொடங்கினார். அந்தப் பக்கம் இரண்டாம் வாரத்தில் திறந்தது, தலைவலியும் அதோடு பாதிக்கு மேல் இறங்கியது. வலது பக்கம் நிறுத்தியபோது அது ஓரளவுக்கு மேல் திறக்கவே இல்லை.

அங்கே அவர் மறுபடி மனம் தளர்ந்தார். ஆனால் அந்த மிச்சமான அடைப்புதான் மருத்துவருக்கு உண்மையைக் காட்டியது. எண்டோஸ்கோப்பில் பார்த்தபோது நடுச்சுவர் வலது பக்கம் வளைந்திருந்தது. மருந்தால் வந்த வீக்கம் இருந்தவரை அந்த வளைவு எவ்வளவு தொந்தரவு தருகிறது என்று யாராலும் கணிக்க முடியவில்லை. வீக்கம் போன பிறகு, ஸ்டீராய்டு ஸ்ப்ரே போட்டுக்கொண்டால் சமாளிக்கக்கூடிய அளவுதான் என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவானது. உங்களுக்கும் யாராவது ஆபரேஷன் என்றால் இந்த வரிசையைக் கேளுங்கள். முதலில் சோலின் ஸ்ப்ரேயை நிறுத்தி, சில வாரம் ஸ்டீராய்டு போட்டு, பிறகு பார்த்து முடிவெடுக்கலாமா என்று. ஸ்ப்ரே போட்டுக்கொண்டிருக்கும் மூக்கை வைத்து அறுவைச் சிகிச்சையை முடிவு செய்வது சரியாகாது. பாலிப், கட்டி, ஒரு பக்கம் மட்டும் அடைத்து ரத்தம் வருவது போன்றவற்றுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது.

ஒவ்வொரு மூக்காக என்பது ஒத்துவராவிட்டால் வேறு வழிகளும் உண்டு. பெரியவர்களுக்கான சைலோமெட்டசோலின் 0.1 சதவீதம், குழந்தைகளுக்கானது 0.05 சதவீதம். முதலில் பாதி வீரியத்துக்கு மாறி, பிறகு இரவு மட்டும் என்று குறைத்து, பிறகு நிறுத்துகிறவர்கள் உண்டு. வீட்டில் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கலப்பதை நான் ஆதரிப்பதில்லை. கிருமி சேரும், அளவும் தெரியாது. மிகக் கடுமையான நிலையில் மருத்துவர் சில நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தருவதுண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சர்க்கரையை ஏற்றும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம். எனவே அதைக் கடையில் தானாகக் கேட்டு வாங்கக் கூடாது.

அதைப் போலவே, ஸ்ப்ரேக்குப் பதிலாகச் சளி மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அவற்றில் பலவற்றில் ஃபினைலெஃப்ரினோ சூடோஎஃபெட்ரினோ இருக்கும். சூடோஎஃபெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், உங்களுக்கு ஆகாது. வாயால் எடுக்கும் ஃபினைலெஃப்ரின் அடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் ஆலோசனைக் குழு 2023-ல் முடிவு சொன்னது. நிறுத்தும் நாட்களில் தலைவலி கூடினால் பாராசிட்டமால் ஒன்றிரண்டு நாள் போடலாம். ஆனால் போடும் நாட்களைக் காலண்டரில் குறியுங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று நாளைத் தாண்ட வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் உங்களுக்கு அவை சரியல்ல. மூக்கு திறந்து, நன்றாகத் தூங்கத் தொடங்கி, மாத்திரையும் குறைந்து ஒரு மாதம் ஆன பிறகும் தலைவலி நீடித்தால் அதை மூக்கின் கணக்கில் எழுதாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நின்ற பிறகு தும்மல், அரிப்பு, காலையில் ஒழுகுவது தலைகாட்டினால், அடியில் ஒவ்வாமை இருந்திருக்கிறது என்று அறியலாம். பலர் அதற்காகத்தான் முதலில் ஸ்ப்ரேயைத் தொட்டிருப்பார்கள். அதற்கு அதே ஸ்டீராய்டு ஸ்ப்ரேயோ அசெலாஸ்டின் ஸ்ப்ரேயோ நீண்ட நாள் போடலாம், பழக்கம் ஒட்டாது.

அடுத்த மார்கழியில் மறுபடி சளி பிடிக்கும். ஒரு தடவை சிக்கியவருடைய மூக்கு இரண்டாம் தடவை விரைவாகச் சிக்கும். சில நாளிலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எனவே உங்களுக்கு உப்புநீரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும்தான், சோலின் இனி வேண்டாம். உயர் ரத்த அழுத்தம் இருப்பதும் அதற்கு இன்னொரு காரணம்.

வீட்டில் மிச்சம் இருக்கும் பாட்டில்களை என்ன செய்வது என்பது கடைசி விஷயம். சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் அவற்றை எட்டாத இடத்தில்கூட வைக்க வேண்டாம், அப்புறப்படுத்திவிடுங்கள். இந்த மருந்தை 1 அல்லது 2 மில்லி விழுங்கினாலே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இதயத் துடிப்பு குறைந்து, மயக்கம் வரை போகலாம் என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2012-ல் எச்சரித்திருக்கிறது. குழந்தை வாயில் வைத்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.